வானத்துக்கு யார் நீலம் பூசியது?

(மேசையில் நீர் நிரப்பிய நீளமான கண்ணாடித் தொட்டி, வெள்ளை ஒளி தரும் டார்ச், ஒரு கோப்பைப் பால். ஜன்னல் திரைகள் மூடியிருக்க வேண்டும்.)

ஆசிரியர்களுக்கும் அறிவியல் மன்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் மொரீஷியஸின் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அக்கா, வானம் ஏன் நீலம்?" என்றான் தம்பி. "கடலின் நிறம் வானத்தில் தெரிகிறது" என்று அடித்துவிட்டேன். "அப்படியானால் இப்போது கடல் சிவப்பாகிவிட்டதா?" என்று மடக்கினான். அன்று அவனுக்குச் சொல்லத் தெரியாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. நீலத்தின் அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர், சிவப்புக்கு 700. காற்றின் மூலக்கூறுகள் இவற்றைவிட மிக மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய துகள்கள், அலைநீளம் குறையக் குறைய ஒளியை வெகு வேகமாக அதிகம் சிதறடிக்கும். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு! 1871இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே கண்ட கணக்கு இது. இதன்படி நீலம் சிவப்பைவிட ஏறத்தாழ 6 மடங்கு சிதறுகிறது. எந்தப் பக்கம் நிமிர்ந்தாலும் நம் கண்ணில் விழுவது அந்தச் சிதறிய நீலமே.

ஊதா இன்னும் அதிகம் சிதறுமே என்கிறீர்களா? சரிதான். ஆனால் சூரிய ஒளியில் ஊதா குறைவு. நம் கண்ணுக்கும் அதன்மேல் அவ்வளவு கூர்மை இல்லை.

(விளக்கை அணைக்கவும். நீரில் சில சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, தொட்டியின் ஒரு முனையில் டார்ச்சைப் பிடிக்கவும்.)

பக்கவாட்டில் பாருங்கள், நீரில் லேசான நீலம். அதுதான் பகல் வானம். இப்போது மறுமுனைக்கு வந்து நேராக டார்ச்சைப் பாருங்கள். (இன்னும் சில சொட்டு.) மஞ்சள்... ஆரஞ்சு... இதோ, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்!

தைப்பூசக் காவடி நாட்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதே சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதன் ஒளி சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறித் தீர்ந்துவிட, மிஞ்சுவது சிவப்பு.

காற்றில் நுண்துகள்கள் சேர்ந்தால் சிவப்பு இன்னும் கொழுந்துவிடும். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகத்தோவா எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தள்ளி, நம் ரோட்ரிக்ஸ் தீவில் அந்த ஓசை பீரங்கி முழக்கம்போலக் கேட்டது! அதன் துகள்கள் உலகெங்கும் பரவி, பல மாதங்கள் அந்தி வானம் தீயாகச் சிவந்தது. அமெரிக்காவில் எங்கோ தீப்பிடித்ததாக நினைத்துத் தீயணைப்பு வண்டிகளே கிளம்பினவாம்.

(விளக்கைப் போடவும்.)

தொட்டியைப் பக்கத்தில் பார்க்க விரும்புவோர் ஒவ்வொருவராக வாருங்கள். மேசையில் மட்டும் இடிக்காதீர்கள். நேற்று ஒத்திகையில் தொட்டியைக் கவிழ்த்தது நான்தான்.