நூல் முதல் அட்டைப்பெட்டி வரை: லாட் தடமறிதல் திட்டத் தொடக்க உரை

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காலையில் கட்டிங் மாஸ்டரையும் அக்கவுண்ட்ஸ் மேடத்தையும் ஒரே அறையில் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. வந்ததற்கு நன்றி. சாயப்பட்டறை மேனேஜர் சார் பெருந்துறையிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். அவர் நம் கம்பெனி ஆள் இல்லை, ஜாப் ஒர்க் எடுக்கிறவர். ஆனாலும் இந்தத் திட்டத்தின் பாதி கஷ்டம் அவர் கேட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் முதல் நாளே கூப்பிட்டோம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பரில் ஒரு பையர் துவைத்த பிறகு சட்டை சுருங்குகிறது என்று புகார் அனுப்பினார். எந்த நூல் லாட், எந்த சாய பேட்ச் என்று கேட்டார். ஸ்டோர் நோட்டு, நிட்டிங் நோட்டு, டெலிவரி சலான், கட்டிங் ரிப்போர்ட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பதில் சொல்ல நமக்கு மூன்று நாள் ஆனது. அந்தப் பதிலும் "இந்த நான்கு பேட்சில் ஒன்றாக இருக்கலாம்" என்பதுதான். ஒரு பேட்ச் சரக்கை மட்டும் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் மொத்த ஆர்டரையும் திறந்து செக் செய்தோம். செக்கிங் பெண்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தார்கள்.

இந்தத் திட்டத்தின் குறிக்கோள் ஒன்றே ஒன்று. எந்த அட்டைப்பெட்டியைக் காட்டினாலும், அதில் இருக்கிற துணி எந்த சாய பேட்ச், அந்த பேட்சுக்குள் போன நூல் எந்த லாட் என்று இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். அப்படியே திருப்பி, ஒரு நூல் லாட்டைச் சொன்னால் அது எந்தெந்தப் பெட்டியில் போயிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இரண்டு திசையிலும் பதில் வந்தால்தான் திட்டம் முடிந்தது. சாஃப்ட்வேர் போட்டுவிட்டோம், ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம் என்பதெல்லாம் முடிந்ததாகக் கணக்கில்லை.

ஏன் இப்போது என்று சிலர் கேட்டீர்கள். காட்ஸ் சான்றிதழ் உள்ள ஆர்கானிக் ஆர்டருக்கு ஏற்கெனவே ஒவ்வொரு விற்பனைக்கும் டிரான்ஸாக்ஷன் சர்டிஃபிகேட் எடுக்கிறோம். எடைக் கணக்கு இடிக்காமல் இருக்க கம்ப்ளையன்ஸ் டீம் படுகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்தது ஐரோப்பா. அங்கே 2024 ஜூலையில் பொருட்களின் வடிவமைப்புக்கான புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் கீழ், ஒரு பொருளின் விவரங்களை ஸ்கேன் செய்து பார்க்கிற டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட் வரப்போகிறது. 2025 ஏப்ரலில் வந்த அவர்களின் வேலைத்திட்டத்தில் ஆடைகளுக்கான விதிக்கு 2027 என்று குறித்திருக்கிறார்கள். விதி வந்த பிறகும் பொதுவாகப் பதினெட்டு மாதமாவது அவகாசம் உண்டு. ஆக, நாளைக்கே யாரும் நம் கப்பலை நிறுத்தப் போவதில்லை. சில கன்சல்டன்ட்கள் பயமுறுத்துவதைப் பார்த்து நாம் ஓட வேண்டாம். ஆனால் பையர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள், கேள்வித்தாளை இப்போதே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூர் எப்படித் தவித்தது என்று இங்கே இருக்கிற சீனியர்கள் சொல்வார்கள். கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டால் அப்படித்தான் ஆகும்.

சரி, அறுந்து போகிற இடம் எங்கே? நூல் வரும்போது கோன் மேலும் பெட்டி மேலும் மில்லின் லாட் நம்பர் இருக்கிறது. ஸ்டோரில் பதிகிறோம். நிட்டிங்கில் ஒரு ரோல் இறங்கும்போது மெஷின் நம்பர், எடை எழுதுகிறோம், நூல் லாட்டைப் பாதி நேரம்தான் எழுதுகிறோம். அதைச் சரிசெய்வது சுலபம். கோரா துணி சாயத்துக்குப் போகும்போதுதான் கதையே மாறுகிறது. பத்துப் பன்னிரண்டு ரோல்களை முனையோடு முனை தைத்து, கயிறு மாதிரி ஒரே மெஷினுக்குள் விடுகிறார்கள். ஒட்டிய ஸ்டிக்கர் எதுவும் அந்தச் சூட்டிலும் கெமிக்கலிலும் நிற்காது. வெளியே வரும்போது அது ஒரு பேட்ச், அவ்வளவுதான். உலர்த்தி, காம்பாக்டிங் முடித்து ரோல் போடும்போது எது எந்த ரோல் என்று யாருக்கும் தெரியாது. எடையும் ப்ராசஸ் லாஸில் மாறியிருக்கும்.

அதனால் சாயத்துக்குப் பிறகு ரோலைத் தேடக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். தேட வேண்டியது பேட்சை. ஒரு பேட்சுக்குள் ஒரே நூல் லாட்டின் ரோல்கள் மட்டுமே போக வேண்டும். கலக்க வேண்டிய கட்டாயம் வந்தால், இரண்டு லாட் கலந்தது என்று பேட்ச் கார்டில் எழுத வேண்டும். ரோல் முனைகளில் சாயத்திலும் அழியாத மார்க்கரால் லாட் குறி போடுவது நம் நிட்டிங் டீமின் வேலை. அந்தக் குறியைப் பார்த்து பேட்ச் பிரிப்பது பட்டறையின் வேலை. இதற்குக் கிலோவுக்கு 50 பைசா கூடுதலாகத் தருவதாக அக்கவுண்ட்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. மேனேஜர் சார், இந்த ரேட் முதலில் சோதித்துப் பார்க்கிற பைலட் ஆர்டருக்கு மட்டும். அப்புறம் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.

அடுத்த சிக்கல் கட்டிங், தையல் நடக்கிற பவர்டேபிள். ஒரு லேயில் இரண்டு பேட்ச் விரிக்கக் கூடாது என்பதை மாஸ்டர் ஷேடுக்காக ஏற்கெனவே கடைப்பிடிக்கிறார். அதனால் பண்டில் டிக்கெட்டில் பேட்ச் நம்பர் சேர்ந்தால் போதும். எனக்குப் பயம் மாற்றுப் பீஸ் மேல்தான். தைக்கும்போது ஒரு பேனலில் ஓட்டை தெரிகிறது, லைன் சூப்பர்வைசர் ஓடிப்போய் மிச்சத் துணியில் ஒன்று வெட்டி வாங்கி வந்து தைத்துவிடுகிறார். லைன் நிற்கவில்லை, நல்லதுதான். ஆனால் அந்தப் பீஸ் இப்போது இரண்டு பேட்ச். இனி மாற்றுப் பீஸ் கட்டிங் ஜன்னலில் மட்டும், அதே பேட்ச் மிச்சத்திலிருந்து மட்டும் கிடைக்கும். அது இல்லையென்றால் அந்தப் பீஸ் செகண்ட்ஸுக்குப் போகட்டும். இதனால் செகண்ட்ஸ் கொஞ்சம் கூடும். கூடினால் லைன் சூப்பர்வைசரிடம் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது, என்னிடம் கேளுங்கள்.

மெர்ச்சண்டைசிங் டீமுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பீஸுக்கும் தனி கியூஆர் தருவோம் என்று பையரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்தக் கட்டத்தில் அது கிடையாது. பெட்டிக்கு பேட்ச், பேட்சுக்கு நூல் லாட், இதுதான் நாம் நிற்கிற எல்லை. பீஸ் அளவுக்கு இறங்கினால் ஒவ்வொரு டேபிளிலும் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு நம்மிடம் ஆளும் இல்லை, லைனில் நேரமும் இல்லை. உங்கள் வேலை, பையருக்கு எந்தெந்தத் தகவல் வேண்டும் என்ற பட்டியலை வரும் திங்களுக்குள் எழுத்தில் வாங்கித் தருவது. அதன் பிறகு பட்டியல் கூடினால் அது அடுத்த கட்டத்துக்கு.

யார் எதை முடிவு செய்வது என்பதில் குழப்பம் வேண்டாம். நூலுக்கு ஸ்டோர் இன்சார்ஜ், ரோல் குறிக்கு நிட்டிங் சூப்பர்வைசர், பேட்சுக்கு பட்டறை மேனேஜர், பண்டிலுக்கு கட்டிங் மாஸ்டர், பெட்டிக்கு பேக்கிங் இன்சார்ஜ். சரக்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது நம்பர் இல்லையென்றால், வாங்குகிறவர் வாங்க மறுக்கலாம். அந்த அதிகாரம் இன்று முதல் அவருக்கு உண்டு. மறுத்ததால் லேட் ஆனால், பழி நம்பர் இல்லாமல் அனுப்பியவர் மேல்தான். குவாலிட்டி டீம் தினமும் ஐந்து பண்டிலை எடுத்துப் பின்னோக்கித் தேடிப் பார்க்கும். ஐடி தம்பிகள் இரண்டு பேரும் மொபைல் ஆப்பைச் செய்கிறார்கள். செக்கிங் ஹாலில் வைஃபை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நெட் இல்லாமலும் அது ஓட வேண்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்திருக்கிற ஆட்கள் நிறைய இருப்பதால் திரையில் எழுத்தைக் குறைத்துப் படமும் நிறமும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு நோட்டு எழுதச் சொல்வீர்கள் என்று மாஸ்டர் போன வாரமே முணுமுணுத்தார். நியாயமான முணுமுணுப்பு. அதனால் ஒரு விதி: ஒரு ஸ்கேன் வந்தால் ஒரு நோட்டு போக வேண்டும். எந்த நோட்டு போகிறது என்று சொல்லாமல் ஐடி புதிதாக ஒரு ஸ்கேன் சேர்க்க முடியாது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களை ஸ்கேன் செய்யச் சொல்வதாக இருந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. அதை எச்ஆர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கேட்கலாம். இந்த டேட்டாவை வைத்து யார் வேகம், யார் மெதுவு என்று பார்க்க மாட்டோம். ஆப்பில் தையல்காரர் பெயரே பதியாது.

இப்போது தேதிகள். பைலட்டுக்கு எடுத்திருப்பது ஜெர்மனி ஆர்டர், குழந்தைகள் ரோம்பர், மூன்று நிறம், 24,000 பீஸ். கிட்டத்தட்ட 3,100 கிலோ நூல், 150 ரோல், 600 பெட்டி. கையில் அடங்குகிற அளவு.

முதல் மைல்கல் ஜனவரி 12. அதற்குள் நூல் முதல் பெட்டி வரை இன்றைக்கு எங்கே என்ன எழுதுகிறோம் என்பதை ஒரே சார்ட்டில் போட்டுவிட வேண்டும். இது பொங்கலுக்கு முன்னாலேயே முடிய வேண்டும், ஏனென்றால் தென்மாவட்டம் போகிறவர்கள் 20ஆம் தேதிக்கு முன் முழுசாகத் திரும்ப மாட்டார்கள். நூல் 22ஆம் தேதி வருகிறது, மாத முடிவுக்குள் நிட்டிங். இரண்டாவது மைல்கல் பிப்ரவரி 11. கடைசி சாய பேட்ச் உள்ளே வரும் நாள். அன்று ஒவ்வொரு பேட்ச் கார்டிலும் நூல் லாட் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் 13ஆம் தேதி கட்டிங்கைத் தொடங்க விடமாட்டேன். ஷிப்மென்ட் தேதி இருக்கிறதே என்று மெர்ச்சண்டைசிங் பக்கம் முகம் மாறுவது தெரிகிறது. அதற்காகத்தான் நான்கு நாள் இடைவெளி சேர்த்து ஷெட்யூல் போட்டிருக்கிறோம். மூன்றாவது மார்ச் 9, ஒத்திகை. பேக்கிங் முடிந்த 600 பெட்டியில் ஒன்றை டிரைவர் யாராவது கை வைத்துக் காட்டட்டும். கடிகாரத்தை ஓட விட்டு, இரண்டு மணி நேரத்தில் பதில் வருகிறதா பார்ப்போம்.

மார்ச் கடைசியில் அக்கவுண்ட்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது. அதனால் மற்ற ஸ்டைல்களுக்கு எப்படி விரிப்பது என்பதை ஏப்ரல் 6ஆம் தேதிதான் பேசுவோம். ஒத்திகை தோற்றால் விரிக்க மாட்டோம், இன்னொரு பைலட் போடுவோம். எம்.டி. சாரிடம் இதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கியாயிற்று.

வாரா வாரம் செவ்வாய் மாலை நாலு மணிக்கு இதே அறையில் இருபது நிமிடம் கூடுவோம். ஒவ்வொருவரும் எது அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும். நடுவில் அவசரம் என்றால் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் குட்மார்னிங் படம் போடாதீர்கள், அவ்வளவுதான் வேண்டுகோள்.

கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள், மாஸ்டர் கை தூக்கிவிட்டார். கேள்விகள் முடிந்ததும் டீ குடித்துவிட்டு பதினொரு மணிக்கு எல்லோரும் நூல் ஸ்டோருக்கு வாருங்கள். அங்கிருந்து பேக்கிங் வரை ஒன்றாக நடந்து, அந்த சார்ட்டின் முதல் பாதியை இன்றைக்கே போட்டுவிடலாம். பட்டறை பகுதியை நாளைக்கு பெருந்துறையில் பார்க்கிறோம், வேன் காலை எட்டரைக்கு.