தர உறுதிப் பொறியாளர் பணி: ஊதியம், பணியிடம் குறித்து விளக்கம் கோரி

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். மார்ச் 9, திங்கட்கிழமை மாலை தாங்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசியதற்கும், மார்ச் 13, வெள்ளிக்கிழமை காலை 11 மணி நேர்காணலுக்கு என் பெயரைப் பரிந்துரைத்ததற்கும் நன்றி. உதிரிபாகம் வழங்கும் சிறு நிறுவனங்களின் தரத்தைக் கண்காணிக்கும் இந்தப் பொறுப்பு, கடந்த ஆறு ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலையோடு பெரிதும் ஒத்துப்போவதால், இதில் எனக்கு உண்மையான விருப்பம் உண்டு. ஆயினும், மார்ச் 4 அன்று நான் படித்து விண்ணப்பித்த விளம்பரத்துக்கும் தாங்கள் தொலைபேசியில் கூறியவற்றுக்கும் பணியிடத்திலும் ஊதியத்திலும் வேறுபாடு இருக்கிறது. எது சரி என்பதை எழுத்து மூலம் தெரிந்துகொண்ட பிறகு நேர்காணலுக்கு வருவதை உறுதிசெய்வதே முறை என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் பணியிடம். விளம்பரத்தில் "ஒரகடம், காஞ்சிபுரம் மாவட்டம்" என்று இருந்தது. தாங்கள் பேசும்போது, ஆந்திர எல்லைக்குள் தடாவை ஒட்டியுள்ள ஸ்ரீ சிட்டியில் உள்ள ஆலைக்குத்தான் ஆள் தேவைப்படுகிறது என்றும், இரண்டுமே சென்னை வட்டாரம்தான் என்றும் கூறினீர்கள். நான் வசிப்பது படப்பையில். அங்கிருந்து ஒரகடம் அரைமணி நேரப் பயணம்; ஸ்ரீ சிட்டிக்கோ வெளிவட்டச் சாலையைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி தாண்டிப் போக வேண்டும். ஒரு வழிக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆகும். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் படப்பையிலிருந்து தினமும் போய்வருவது நடைமுறையில் இயலாது. வேலை ஸ்ரீ சிட்டியில்தான் என்றால், குடும்பத்தோடு வீடு மாறுவதைப் பற்றியும் மகளின் பள்ளியைப் பற்றியும் இப்போதே யோசிக்க வேண்டியிருக்கும். அது முடியவே முடியாது என்று சொல்ல வரவில்லை. எந்த ஊர் என்று தெரிந்தால்தான் யோசிக்கவே தொடங்க முடியும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நேற்று அதே விளம்பரத்தை மீண்டும் பார்த்தபோது, பணியிடம் "சென்னை மற்றும் சுற்றுப்புறம்" என்று மாற்றப்பட்டிருந்தது. விண்ணப்பித்த அன்று எடுத்த திரைப்பிடிப்பையும் நேற்று எடுத்ததையும் இத்துடன் இணைத்துள்ளேன். ஒரகடத்துக்கு ஒன்று, ஸ்ரீ சிட்டிக்கு ஒன்று என இரு காலியிடங்கள் இருந்து, அவை ஒரே விளம்பரத்தில் கலந்துவிட்டனவா? அப்படியானால் நான் விண்ணப்பித்தது ஒரகடத்துப் பணிக்கே என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே காலியிடம்தான் என்றால், பணி நியமனக் கடிதத்தில் எந்த ஆலையின் பெயர் இடம்பெறும் என்றும், நிறுவனத்தின் எந்த ஆலைக்கும் மாற்றலாம் என்ற விதி அதில் இருக்குமா என்றும் கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன். சேர்வது ஒரகடத்தில், மூன்று மாதத்தில் மாற்றல் என்ற ஏற்பாடு இருக்குமானால், அதுவும் எனக்கு ஸ்ரீ சிட்டி வேலைதான். ஆலைப் பேருந்து எந்த வழித்தடங்களில் இயங்குகிறது, இரவு ஷிப்டு முடித்து வருபவர்களுக்கு வீடு வரை வாகனம் உண்டா என்பதும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

அடுத்தது ஊதியம். விளம்பரத்தின் சொற்களை அப்படியே தருகிறேன்: "ஆண்டுக்கு நிலையான ஊதியம் ரூ.7,80,000, செயல்திறன் ஊக்கத்தொகை தனி." தாங்கள் கூறிய தொகையும் அதே 7,80,000தான். ஆனால் அது நிறுவனம் எனக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, அதாவது சி.டி.சி. என்றும், அதில் பத்து விழுக்காடு ஊக்கத்தொகை என்றும், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும் பணிக்கொடையும் அதற்குள்ளேயே அடக்கம் என்றும் சொன்னீர்கள். எண் ஒன்றாக இருப்பதால் இது சிறிய வேறுபாடு போலத் தோன்றலாம். அடிப்படைச் சம்பளம் மொத்தத் தொகையில் பாதி என்று நானாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். ஊக்கத்தொகை 78,000, நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு பன்னிரண்டு விழுக்காடாக 46,800, பணிக்கொடைக்கு வழக்கமாக ஒதுக்கும் 4.81 விழுக்காடாக ஏறத்தாழ 18,760 ஆகியவற்றைக் கழித்தால், மாதச் சம்பளமாக நிற்பது சுமார் 53,000 ரூபாய். விளம்பரத்தின்படி அது 65,000 ரூபாயாக இருக்க வேண்டும். என் பங்கு வைப்பு நிதியும் வரியும் இரண்டிலுமே இதற்குப் பிறகுதான் பிடிக்கப்படும் என்பதால், பிடித்தத்துக்கு முன்பே மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் அளவுக்கு இடைவெளி விழுகிறது. பணிக்கொடை ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றினால்தான் பொதுவாகக் கைக்கு வரும் தொகை. அதை ஆண்டுச் சம்பளத்தில் சேர்த்து எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் கணக்கின் அடிப்படையே தவறாக இருக்கக்கூடும். ஆகவே, இந்தப் பதவிக்கான சம்பளப் பிரிவு விவரத்தை, அதாவது அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, பிற படிகள், வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு ஒவ்வொன்றும் எவ்வளவு என்று காட்டும் தாளை, நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து பெற்று அனுப்ப இயலுமா? வைப்பு நிதி முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் கணக்கிடப்படுகிறதா, அல்லது 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டுமா என்பதும் அதில் தெரிய வேண்டும். ஊக்கத்தொகை மாதந்தோறும் வருமா, ஆண்டு இறுதியில் வருமா, ஆண்டின் நடுவில் சேருபவருக்கு முதல் ஆண்டில் எவ்வளவு கிடைக்கும் என்பவற்றுக்கும் விடை வேண்டும்.

தாங்கள் அனுப்பிய விவரப் படிவத்தைப் பூர்த்தி செய்து இணைத்துள்ளேன். "எதிர்பார்க்கும் சி.டி.சி." என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதில் 7,80,000 என்று நான் எழுதினால், தாங்கள் தொலைபேசியில் சொன்ன கணக்குக்கு நான் ஒப்புக்கொண்டதாகப் பின்னர் எடுத்துக்கொள்ளப்படலாம். விளம்பரத்தை வைத்து வேறு தொகை எழுதினால், நான் அதிகம் கேட்பதாகத் தோன்றும். பிரிவு விவரம் வந்ததும் அந்தக் கட்டத்தை நிரப்பி, கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து அனுப்புகிறேன்.

நான் இப்போது பணியாற்றும் இடத்தில் விலகுவதற்கு அறுபது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கொடுத்த விலகல் கடிதத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல என்பது தங்களுக்கும் தெரியும். இந்த வேறுபாடு நிறுவனம் தந்த குறிப்பில் நேர்ந்ததா, விளம்பரம் பதிவேற்றப்பட்டபோது நேர்ந்ததா என்பதை ஆராய்வது என் நோக்கமல்ல.

மார்ச் 12, வியாழக்கிழமை மதியம் 2 மணிக்குள் தங்கள் பதில் மின்னஞ்சலில் கிடைத்தால், அன்று மாலைக்குள் நேர்காணலுக்கு வருவேனா என்பதை உறுதிசெய்துவிடுவேன். அதற்குள் நிறுவனத்திடமிருந்து விவரம் பெற இயலாவிட்டால், நேர்காணலை அடுத்த வாரத்தில் ஒரு நாளுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் பேச விரும்பினால் மாலை ஆறரை மணிக்கு மேல் அழைக்கலாம். பேசியதன் சாரத்தை மட்டும் பிறகு இதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இரண்டு வரிகளில் எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செல்வராணி
படப்பை
மார்ச் 10, 2026

இணைப்பு: விளம்பரத்தின் திரைப்பிடிப்புகள் இரண்டு, விவரப் படிவம்