பீடி சுற்றும் பெண்களின் இடுப்பு வலிக்கு முதுகுசாய்வு மனை: முக்கூடல் வட்டாரத்தில் ஒரு கிராஸ்ஓவர் ஆய்வு

முறைகள்

தினமும் தரையில் அமர்ந்து, மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் 44 பெண்களைக் குலுக்கல் முறையில் 22 பேராக இரு வரிசைகளில் பிரித்தோம். ஒரு வரிசையினர் முதலில் முதுகுசாய்வு மனையிலும் பிறகு வழக்கம்போல் தரையிலும் அமர்ந்தனர். மற்ற வரிசையினர் முதலில் தரை, பிறகு மனை. முதற்காலம் 2024 மே 6 முதல் 26 வரை. இரண்டாம் காலம் ஜூன் 17 முதல் ஜூலை 7 வரை. இடையில் மூன்று வாரம் எல்லோரும் தரையில்தான் அமர்ந்தனர். ஒவ்வொரு காலத்திலும் கடைசி ஏழு நாள் மாலை வலியின் சராசரியே (0–100) அளவை.

முதற்காலம் அக்னி நட்சத்திர வெயிலில் வந்தது. இரண்டாம் காலம் மேல்காற்றும் சாரலும் வீசும் பருவத்தில். ஆகவே கால விளைவு இருக்கும் என்று முன்பே எதிர்பார்த்து, காலத்தைச் சரிசெய்தே மனையின் விளைவைக் கணக்கிடுவதாகத் திட்டத்தில் எழுதினோம். முதலில் அமர்ந்த இருக்கையின் தாக்கம் அடுத்த காலத்திலும் தொடரும் எச்ச விளைவைச் சோதித்து, அது தென்பட்டால் முதற்காலத் தரவை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரண்டு கட்ட முறையைத் தவிர்த்தோம். அம்முறை தவறான முடிவின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1989-இல் புள்ளியியலாளர் ஃப்ரீமன் காட்டியிருக்கிறார். முதற்கால ஒப்பீடு எப்படி வந்தாலும் துணைப் பகுப்பாய்வாக வெளியிட முன்பே தீர்மானித்தோம்.

முடிவுகள்

இரு காலமும் முடித்தவர்கள் 41 பேர். மனை முதலில் பெற்ற 21 பேரின் சராசரி வலி மனையில் 38.0, பிறகு தரையில் 45.0. தரை முதலில் பெற்ற 20 பேருக்குத் தரையில் 52.0, பிறகு மனையில் 34.0.

காலத்தைச் சரிசெய்தபின் மனை வலியை 12.5 புள்ளி குறைத்தது (95% நம்பிக்கை இடைவெளி 8.1 முதல் 16.9). எந்த இருக்கையானாலும் இரண்டாம் காலத்தில் வலி 5.5 புள்ளி குறைவு (1.1 முதல் 9.9). இரு வரிசையிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கை இருந்ததால்தான் காலத்தைக் கருதாத கணக்கும் 12.4 என்று அருகில் வந்தது.

எச்ச விளைவுக்காக, ஒவ்வொருவரின் இரு கால வலியையும் கூட்டி வரிசைகளை ஒப்பிட்டோம்: 83.0, 86.0, வேறுபாடு −3.0 (−23.2 முதல் 17.2). இவ்வளவு அகன்ற இடைவெளியை வைத்து எச்சம் இல்லை என்று எழுத எங்களுக்கு மனமில்லை. முதற்காலத்தை மட்டும் பார்த்தால் மனையில் வலி 14.0 குறைவு (2.9 முதல் 25.1), திசை அதேதான், துல்லியம் மிகக் குறைவு.

எண்களைவிட எங்களைக் கவலைப்படுத்தியது கள ஏட்டின் ஒரு குறிப்பு. மனையை முதலில் பயன்படுத்திய மூன்று பெண்கள், தரைக்குத் திரும்பிய பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரத் தொடங்கிவிட்டனர். மருந்து உடலிலிருந்து நீங்கும். பழகிய பழக்கம் மூன்று வார இடைவெளியில் நீங்குவதில்லை. இந்தப் பழக்கம் தரைக்கால வலியையும் குறைத்திருந்தால், மனையின் உண்மையான பயன் எங்கள் மதிப்பீட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த மூவரையும் பகுப்பாய்விலிருந்து நீக்கவில்லை.