பூண்டு எப்படி இருந்தது? கும்பகோணத்து அம்மாவுக்குப் பூம்பாறையிலிருந்து

பார்சலுக்குள் வைத்த கடிதம்: மே 22, வியாழன்

அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டிருந்த 3 கிலோ மலைப்பூண்டு இந்தப் பெட்டியில் இருக்கிறது. மகளின் பேறுகாலப் பத்தியத்துக்கு என்று நீங்கள் சொன்னதால், அடுப்புக்கு மேலே உள்ள பரணில் புகை நன்றாக ஏறிய கட்டுகளாகப் பார்த்து என் மாமியாரே இறக்கிக் கொடுத்தார். பெட்டி வந்த அன்றே கட்டுகளை வெளியே எடுத்து, காற்று வரும் இடத்தில் தொங்கவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம்; அந்தக் குளிரில் பூண்டு சீக்கிரம் முளை விட்டுவிடும்.

உங்களிடம் ஓர் உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது, ஆனால் அதை இன்றே செய்ய வேண்டாம். பூண்டைப் பற்றி உங்கள் கருத்து எங்களுக்கு வேண்டும். பெட்டியைப் பிரித்த கையோடு எழுதினால் பெட்டியைப் பற்றித்தான் எழுத முடியும். உரித்து, வதக்கி, குழம்பு வைத்து, வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டு, மிச்சத்தைப் பத்து நாள் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அது நல்ல பூண்டா இல்லையா என்று சொல்ல முடியும். ஆகவே ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணியளவில் நானே உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன். அந்த நேரம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

எதற்காக இந்தக் கருத்து என்று நீங்கள் கேட்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அதற்குப் பிறகு பெயருக்கு மதிப்புக் கூடியது உண்மை. அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறவர்களும் கூடிவிட்டார்கள். வேறு எங்கோ விளைந்து லாரியில் வந்த பூண்டும் ‘மலைப்பூண்டு’ என்ற பலகைக்குக் கீழேதான் குவிந்து கிடக்கிறது. நேரில் வருகிறவர்கள் ஒரு பல்லைக் கிள்ளி முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். கும்பகோணத்திலோ நாகர்கோவிலிலோ இருந்து தொலைபேசியில் கேட்கிறவர்கள் எதை முகர்வது? நாங்கள் “எங்களுடையது அசல்” என்று எத்தனை முறை சொன்னாலும் அது விற்கிறவர் சொல்தான். வாங்கிச் சமைத்த ஒருவர் இரண்டு வரி எழுதினால், அடுத்து வாங்க நினைப்பவருக்கு அதுவே போதும்.

இன்னொரு காரணம் எங்களுக்கே உரியது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு, பூண்டை பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு பார்சல் வழியில் எங்கோ மூன்று நாள் நின்றுவிட, வாங்கியவர் பிரித்துப் பார்த்தபோது பூண்டெல்லாம் வேர்த்து, பாதி முளை விட்டிருந்தது. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. “பூண்டுக்கு மூச்சு விட இடம் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள்” என்று ஒரே ஒரு வரி எழுதினார். அன்று என் கணவர் இரவு முழுவதும் பேசவில்லை. மறுநாளிலிருந்து துணிப்பையும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியும்தான். உங்கள் கையில் இருக்கும் இந்தப் பெட்டியின் ஓட்டைகள் அந்த ஒரு வரியால் வந்தவை.

ஆகவே நல்லது மட்டும்தான் எழுத வேண்டும் என்பதில்லை. குறையிருந்தால் அதையும் எழுதுங்கள், எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே எழுதுங்கள். கருத்து எழுதுவதற்காக விலையில் தள்ளுபடியோ, அடுத்த பார்சலில் கூடுதலாகக் கால் கிலோவோ நாங்கள் தரப்போவதில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். பொருள் கொடுத்து வாங்கிய கருத்தை கூகுள் அனுமதிப்பதில்லை. அது இருக்கட்டும், அப்படி வாங்கிய சொல்லை யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். மகளையும் பேரக்குழந்தையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பூம்பாறைப் பூண்டு வீட்டு மருமகள்


வாட்ஸ்அப் செய்தி: ஜூன் 8, ஞாயிறு, மாலை 4.05

வணக்கம் அம்மா. பூம்பாறையிலிருந்து பூண்டு வீட்டு மருமகள் எழுதுகிறேன். சொன்னபடி வந்துவிட்டேன். மதியச் சமையல் முடிந்து, குழந்தையும் உறங்கியிருக்கும் என்று நினைத்து இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் தொலைபேசியில், “பல் சின்னதாக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன், ஆனால் வழக்கமாகப் போடுவதில் பாதி போட்டதற்கே குழம்பு மணம் திண்ணை வரை வந்துவிட்டது” என்று சொன்னீர்கள். அதை நான் மாமியாரிடம் சொன்னேன், அவர் எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வாக்கியத்தை எழுத்தில் தர முடியுமா? புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், அன்று சொன்னதே போதும்.

எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தயக்கம் வரும் என்பதால் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். எதற்கு விருப்பமோ அதற்கு மட்டும் அரை வரியில் பதில் சொல்லுங்கள். பூண்டை எதில் போட்டீர்கள், சுவை எப்படி இருந்தது? பெட்டி வந்து சேர்ந்தபோது பூண்டு எந்த நிலையில் இருந்தது? எது சரியில்லை?

இந்தச் செய்திக்குக் கீழேயே பதில் எழுதினால் போதும். தட்டச்சு செய்வது சிரமம் என்றால் குரல் பதிவாக அனுப்புங்கள். நான் எழுதி உங்களுக்குக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே எங்கள் கடைச் சுவரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவேன். கூகுள் மேப்ஸிலும் எழுத மனம் இருந்தால், பெட்டிக்குள் இருந்த கடிதத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டை மகள் தன் கைபேசிக் கேமராவில் காட்டினால் நேராக அந்த இடத்துக்கே போகும். ஆனால் அங்கே எழுதினால் எழுதுகிறவரின் கூகுள் கணக்கில் இருக்கும் பெயர் எல்லோருக்கும் தெரியலாம். அது வேண்டாம் என்றால் வாட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்ளலாம், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பூண்டு சாப்பிட்டதால் மகளுக்குப் பால் நன்றாகச் சுரந்தது என்று அன்று மகிழ்ச்சியோடு சொன்னீர்கள். கேட்க எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் அதைக் கருத்தில் எழுத வேண்டாம். அது வீட்டு விஷயம் என்பது ஒரு பக்கம். அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் மருத்துவரிடம் போகாமல் பூண்டை நம்பிக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் எங்களைச் சேரும். சமையலைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

எங்கள் ஊரில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். உங்கள் பதிலை நான் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு தெரிய இரவு ஆகலாம், அதற்காகத் தப்பாக நினைக்க வேண்டாம்.


வாட்ஸ்அப் செய்தி: ஜூன் 17, செவ்வாய், காலை 11.10

வணக்கம் அம்மா. கைக்குழந்தை உள்ள வீட்டில் கைபேசியை எடுக்க நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். எனக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை கேட்ட கருத்தை நினைவூட்ட மட்டுமே இதை எழுதுகிறேன். இரண்டாவது முறைக்கு மேல் கேட்பது எங்கள் வழக்கம் இல்லை, ஆகவே இனி இது பற்றிச் செய்தி வராது.

மூன்று கேள்விக்கும் நேரம் இல்லை என்றால் ஒன்றுக்கு மட்டும் சொல்லுங்கள்: இந்தப் பூண்டை மறுபடியும் வாங்குவீர்களா, மாட்டீர்களா? ஏன் என்று நான்கு சொல் சேர்த்தால் அதுவே எங்களுக்கு நிறைவு. இன்று முடியாவிட்டாலும் பரவாயில்லை. கட்டுகளில் மிச்சமிருக்கும் பூண்டைப் பற்றி எப்போது சந்தேகம் வந்தாலும் இதே எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கருத்து எழுதினவர், எழுதாதவர் என்று நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.


வாட்ஸ்அப் செய்தி: ஜூன் 18, புதன், இரவு 8.40

அம்மா, உங்கள் குரல் பதிவு வந்தது. சிக்னல் கிடைக்க மாலை வரை ஆகிவிட்டது. குழந்தையின் சிணுங்கலும் பின்னால் கேட்டது, அதனால் மாமியார் மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். நீங்கள் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“பூண்டுக் குழம்பும் பூண்டு ரசமும் வைத்தோம். பல் சிறியது, காரம் அதிகம், வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். பெட்டி நான்காம் நாள் வந்தது, ஒன்றுகூட அழுகவில்லை. வேரில் செம்மண் நிறைய ஒட்டியிருந்தது, எடைக்கு நாம் மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோமோ என்று தோன்றியது. மறுபடியும் வாங்குவேன். கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டி.”

மண்ணைப் பற்றிய வரியை எடுத்துவிடட்டுமா என்று என் கணவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது அப்படியே சுவரில் இருக்கும். நீங்கள் சொன்னது சரிதான். பரணில் ஏற்றுவதற்கு முன்பு வேரை நறுக்கிவிட்டால் அந்த மண் உங்கள் வீடு வரை வராது. நேற்று ஏற்றிய கட்டுகளை இன்று மாலை மறுபடியும் இறக்கி, மாமியாரும் நானும் அரிவாள்மணையில் வேரை நறுக்கிக்கொண்டிருக்கிறோம். இன்னும் நாற்பது கட்டு பாக்கி இருக்கிறது.

எழுத்தில் எங்காவது திருத்தம் இருந்தால் நாளைக் காலைக்குள் சொல்லுங்கள் அம்மா. பதில் வந்த பிறகே சுவரில் ஒட்டுவேன்.