தம்பியோட செமஸ்டர் பிளானர், ஜூலை 7 முதல் அக்டோபர் 18, 2025

கண்ணு, நீ அனுப்புன நெசவு கோர்ஸ் அவுட்லைன் போட்டோவ பெருசாக்கி ஒவ்வொரு வரியா படிச்சு எழுதிருக்கேன். மடிச்ச கோடு விழுந்த இடத்துல மில் ரிப்போர்ட் தேதி 13.9 ஆ 18.9 ஆன்னு தெரியல, ஆனா பக்கத்துல வியாழன்னு போட்டிருக்குது, செப்டம்பர் 13 சனிக்கிழமை, 18 தான் வியாழன், அதனால 18ன்னே எடுத்துக்கிட்டேன். செமினார் ஒத்தப்படை ரோல் நம்பருக்கு செவ்வாய், ரெட்டப்படைக்கு வியாழன்னு இருக்குது, நீ 27ங்காட்டி உனக்கு செவ்வாய். அசைன்மென்ட் 2 எத்தன மணிக்குள்ளங்கறது உன்ற விரல் மறைச்சிருச்சு, காலைலயே குடுக்கற மாதிரி போட்டிருக்கேன், கிளாஸ் ரெப் கிட்ட ஒருக்கா கேட்டுக்கோ.

இன்டர்னல் 40 மார்க்: அசைன்மென்ட் ரெண்டும் 4+4, மில் ரிப்போர்ட் 6, செமினார் 6, ரெண்டு டெஸ்ட் 10+10. லேட்டா குடுத்தா நாளுக்கு 1 மார்க் போகுதுன்னு அடியில பொடி எழுத்துல இருக்குது, அத விட்றாத.

கீழ இருக்கற மணிக்கணக்கு கிளாஸ் போக வீட்ல உக்கார வேண்டியது. வெள்ளிக்கெழம லேப் இருக்கற வாரமெல்லாம் ரெக்கார்டுக்கு 2 மணி சேர்த்துட்டேன்.

வாரம் 1, 2 (ஜூலை 7 – 19): 2 மணி தான். ரெக்கார்ட் மட்டும்.

வாரம் 3 (ஜூலை 21 – 26): 4 மணி. அசைன்மென்ட் 1 ஆரம்பி, பிளெய்ன், 2/1 ட்வில், 5 எண்ட் சாட்டின், மூணுக்கும் கிராப்ல டிசைன், டிராப்ட், பெக் பிளான்.

வாரம் 4 (ஜூலை 28 – ஆகஸ்ட் 2): 6 மணி. அசைன்மென்ட் 1 திங்கக்கெழம ஆகஸ்ட் 4 தான் குடுக்கணும், ஆனா 3ம் தேதி ஆடி 18, நாம பவானி கூடுதுறைக்கு போறோம், ஞாயித்துக்கெழம உன்னால உக்கார முடியாது, சனிக்கெழம ராத்திரிக்குள்ள முடிச்சு பேக்ல வெச்சிரு.

அப்புறம் அந்த பவானி பயணத்துலயே உன்ற செமினாருக்கும் வேலை பாத்துக்கலாம். தலைப்பு பட்டியல்ல ஜமக்காளம் இருக்குது, புவிசார் குறியீடு வாங்குன நம்மூரு சரக்கு, அதையே எடுத்துக்கோ. அன்னிக்கு தறி ஓடாது, ஆனா நெய்யறவங்க ஊட்ல இருப்பாங்க, சித்தப்பா கூட்டிட்டு போறேன்னு சொல்லிருக்காரு, குழித்தறிய பாத்து பாவு என்ன, ஊடை என்னன்னு மரியாதையா கேட்டு எழுதிட்டு, போட்டோ எடுக்கலாமான்னும் கேட்டுக்கோ.

வாரம் 5 (ஆகஸ்ட் 4 – 9): 2 மணி. லேசான வாரம்.

வாரம் 6 (ஆகஸ்ட் 11 – 16): 6 மணி. வெள்ளி சுதந்திர தினம், லேப் இல்ல, எல்லாமே டெஸ்ட்டுக்கு படிக்கறக்கு.

வாரம் 7 (ஆகஸ்ட் 18 – 23): 7 மணி. செவ்வாய் 19 முதல் டெஸ்ட்.

வாரம் 8 (ஆகஸ்ட் 25 – 30): 4 மணி. புதன் விநாயகர் சதுர்த்தி லீவு, வியாழன் 28 சோமனூர் பக்கம் விசைத்தறிக்கூடம் பாக்க போறீங்க. அன்னிக்கு ராத்திரியே 2 மணி நேரம் உக்காந்து பாத்தத மில் ரிப்போர்ட்டுக்கு எழுதிரு, மூணு வாரம் கழிச்சு எழுதுனா எந்த தறி எத்தன பிக்ல ஓடுச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வாரம் 9 (செப்டம்பர் 1 – 6): 5 மணி. வெள்ளி மிலாடி நபி, லேப் இல்ல. அசைன்மென்ட் 2க்கு 3, ரிப்போர்ட்டுக்கு 2. துணி சாம்பிள்ல இபிஐ, பிபிஐ, கவுன்ட், கிரிம்ப், ஜிஎஸ்எம் பாக்கணும், பிக் கிளாஸ் லேப்ல தான் இருக்குது, எண்றத முன்னாடியே எண்ணிக்கோ.

வாரம் 10 (செப்டம்பர் 8 – 13): 7 மணி. ரிப்போர்ட்ட முடிச்சிரு, அசைன்மென்ட்டுக்கு இன்னும் 2.

வாரம் 11 (செப்டம்பர் 15 – 20): இதுதான் கண்ணு கழுத்த நெரிக்கற வாரம். வியாழன் 18 ரிப்போர்ட், வெள்ளி 19 அசைன்மென்ட் 2, அடுத்த செவ்வாய் 23 செமினார், ஆறே நாள்ல 16 மார்க். அவுட்லைன்ல மூணும் வேற வேற கட்டத்துல கெடக்கறதால பாத்தா தெரியவே தெரியாது, எனக்கே வாரக்கணக்குல எழுதுனப்புறம் தான் தெரிஞ்சுது. முன்னாடி செய்யாம விட்டா இந்த ஒரே வாரத்துல 18 மணி நேரம் வருது, மேல சொன்ன மாதிரி செஞ்சா 6 மணி தான், அதுல 3 செமினார் ஸ்லைடுக்கு.

வாரம் 12 (செப்டம்பர் 22 – 27): 4 மணி. திங்கக்கெழம சாயங்காலம் போன் பண்ணு, எனக்கு ஒருக்கா பேசிக் காட்டு.

வாரம் 13 (செப்டம்பர் 29 – அக்டோபர் 4): 6 மணி. புதன் ஆயுத பூஜை, வியாழன் விஜயதசமி, படிக்கற நேரம் இதுல தான் கெடைக்கும்.

வாரம் 14 (அக்டோபர் 6 – 11): 8 மணி. புதன் 8 ரெண்டாவது டெஸ்ட்.

வாரம் 15 (அக்டோபர் 13 – 18): 5 மணி. வெள்ளி 17 ரெக்கார்ட் முழுசா ஒப்படைக்கணும். திங்கக்கெழம தீபாவளி, 18ம் தேதி சாயங்காலம் காந்திபுரத்துல பஸ் ஏறிரு, அம்மா கிட்ட சொல்லி வெச்சிர்றேன்.