தாத்தா இன்னும் திருத்தாத பக்கம்

எல்லாருக்கும் வணக்கம்.

என் கையில இருக்கிற இந்தத் தாளை நாலு நாளா ஒளிச்சு வெச்சிருந்தேன். தாத்தா ரெண்டு தடவை கேட்டுட்டாரு. "ஏதோ எழுதி வெச்சிருக்கியாமே, கொண்டா, ஒரு பார்வை பார்த்துடறேன்"னு. நான் தரலை. ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து நான் எழுதின எதுவும் தாத்தா கண்ணுல படாம வெளியே போனதில்லை. கட்டுரைப் போட்டி, லீவ் லெட்டர், வேலைக்குப் போட்ட விண்ணப்பம், எல்லாமே. இது மட்டும்தான் அவர் பார்க்காம நான் வாசிக்கிற முதல் பக்கம்.

தாத்தா 1971-ல, பதினாறு வயசுல, அச்சகத்துல கம்போஸிங் வேலைக்குச் சேர்ந்தாரு. இங்க இருக்கிற சின்னப் பசங்களுக்காக அது என்ன வேலைன்னு சொல்லிடறேன். அப்போ ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈய அச்சு. மரப்பெட்டியில அறை அறையா பிரிச்சுப் போட்டிருப்பாங்க, அதுக்குப் பேரு கேஸ். இடது கையில ஸ்டிக்னு ஒரு சின்னத் தட்டு, வலது கையால ஒவ்வொரு எழுத்தா எடுத்து அதுல அடுக்கணும். 'கொ' வேணும்னா கொம்பு ஒண்ணு, 'க' ஒண்ணு, கால் ஒண்ணு, மூணு தடவை கை போகணும். அதுவும் எழுத்து கண்ணுக்கு நேரா இருக்காது. தலைகீழா அடுக்கி, தலைகீழாவே படிக்கணும். அடுக்கின வரி சரிஞ்சுடாம இடது கட்டைவிரலால பிடிச்சுக்கணும். அச்சாகி முடிஞ்சதும் அத்தனையையும் பிரிச்சு, அதது அறையில திரும்பப் போடணும்.

இப்பவும் தாத்தா பேப்பர் படிக்கும்போது அந்த இடது கட்டைவிரலைக் கவனிங்க. ஒரு வரி முடியற வரைக்கும் எதையோ அழுத்திப் பிடிச்ச மாதிரியே இருக்கும். நம்ம யாராவது அவர்கிட்ட கஷ்டத்தைச் சொல்லும்போதும் அந்த விரல் அப்படித்தான் இருக்கும். நாம சொல்லி முடிக்கிற வரைக்கும் எடுக்க மாட்டாரு. எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல யாரையும் பாதிப் பேச்சுல அவர் நிறுத்தினது கிடையாது.

எனக்கு அஞ்சு வயசு இருக்கும்போது, அவரோட கண்ணாடிக்கூட்டுல இருந்து ஒரு எழுத்தை எடுத்துக் காட்டினாரு. பழைய 'லை'. ல-வுக்கு முன்னாடி யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி வளைஞ்சிருக்கும். எனக்கு அது எழுத்துன்னே தெரியலை. ஸ்டாம்ப் பேட்ல ஒத்தி என் உள்ளங்கையில வெச்சு அழுத்தினாரு. ஈயத்துல திரும்பி நின்னது என் கையில நேரா வந்துடுச்சு. அன்னிக்கு நான் கத்தின கத்தல் பாட்டிக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அடுத்த நிமிஷமே "ஈயத்தைத் தொட்டுட்டே, போய் சோப்பு போட்டுக் கழுவு"ன்னு குழாயடிக்கு அனுப்பிட்டாரு. அந்த 'லை' அழியறதைப் பார்த்து நான் அழுதேன். மறுநாள் திரும்ப வெச்சுவிட்டாரு.

1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்ப தாத்தாவுக்கு இருபத்திமூணு வயசு. ணை, லை, ளை, னை நாலுக்கும் தனித்தனியா இருந்த தும்பிக்கை அச்சு போய், கை, தை மாதிரி முன்னாடி ஒரே கொம்பு வந்தது. மூளைக்குப் புரிஞ்சாலும் கைக்குப் புரியணுமே. ஏழு வருஷமா போய்ப் பழகின பழைய அறைக்கே கை போச்சாம். அந்தப் பழைய அச்சையெல்லாம் உருக்க மூட்டை கட்டினப்ப, முதலாளிகிட்ட கேட்டு ஒரே ஒரு 'லை'யை மட்டும் வாங்கிட்டு வந்திருக்காரு.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அப்போ தாத்தாவுக்கு நாற்பது வயசு, அம்மா பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தாங்க. அந்த மாசங்களைப் பத்தி தாத்தா அதிகம் பேசினதில்லை. அம்மாதான் சொல்லியிருக்காங்க. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் அட்டையில கீபோர்டு படம் வரைஞ்சு வெச்சுக்கிட்டு, அதுமேல விரல் வெச்சு வெச்சுப் பழகுவாராம். சத்தமே வராத டைப்பிங். கதவிடுக்குல நின்னு பார்த்த அம்மா, அப்பாவுக்குத் தெரியாம இருக்கட்டும்னு திரும்பப் போய்ப் படுத்துக்குவாங்களாம். இருபது வயசுப் பசங்களோட உட்கார்ந்து படிச்சு, மெய்ப்புத் திருத்துறவரா அதே தொழில்ல நின்னாரு. அம்மாவும் மாமாவும் படிச்சது அந்த அட்டையால.

ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம வீட்டுக்கு எந்த அழைப்பிதழ் வந்தாலும் தாத்தா முதல்ல தப்பைத்தான் பார்ப்பாருன்னு பாட்டி குறைப்பட்டுக்குவாங்க. உண்மைதான், பார்ப்பாரு. ஆனா பென்சிலால ஒரு சுழி போட்டு மடிச்சு வெச்சுடுவாரு, அனுப்பினவங்ககிட்ட சொல்லவே மாட்டாரு. ஏன்னு கேட்டேன். "அச்சாகுறதுக்கு முன்னாடி கேட்டா சொல்லலாம். அச்சான பிறகு சொன்னா அவங்க மனசுதான் கஷ்டப்படும்"னாரு. நான் யாரையாவது குத்திக்காட்டிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை குறுக்க வந்து நிக்குது, தாத்தா.

இதுவரைக்கும் இங்க யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லப் போறேன். தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். காலேஜ் முதல் வருஷம், ரெண்டு பேப்பர்ல ஃபெயில். ஹாஸ்டல்ல இருந்து ராத்திரி ஒரு மணிக்கு தாத்தாவுக்கு ஒரு நீள மெசேஜ் அனுப்பினேன். இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராது, என்னால முடியாது, வீட்டுக்கு வந்துடறேன், அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு. அனுப்பிட்டு ஃபோனை ஆஃப் பண்ணிட்டேன்.

காலையில எடுத்துப் பார்த்தா, அஞ்சு மணிக்கே பதில் வந்திருந்தது. திட்டும் இல்லை, அறிவுரையும் இல்லை. "மூணாவது வரியில 'முடியாது'ன்னு இருக்கு. அங்க 'முடியலை'ன்னு வரணும். திருத்திக்கோ. ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றேன்." அவ்வளவுதான்.

அந்த ஒரே சொல்லை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியாது. அதுல கடைசியா நிக்கிறது அந்த 'லை'ன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன். சொன்னபடி ஞாயித்துக்கிழமை வந்தாரு. ஆறு மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து வந்துட்டு, பரீட்சையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. பக்கத்துல உட்கார்ந்து நான் பேசினதையெல்லாம் கேட்டாரு. கட்டைவிரல் அழுத்தின மேனிக்கே இருந்தது. ரெண்டு பேப்பரையும் அடுத்த தடவை எழுதி முடிச்சேன். அம்மா, உங்ககிட்ட சொல்லாததுக்கு மன்னிச்சிடுங்க.

தாத்தா, எழுபது வயசு ஆகுது உங்களுக்கு. கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சு, டாக்டர் கட்டைப் பிரிச்சதும் சுவர்ல இருந்த போர்டைப் படிச்சு, அதுல ஒரு ஒற்று விட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, அன்னிக்கு நாங்க எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்னு உங்களுக்குத் தெரியாது. வெளியே வந்து அம்மா அழுதாங்க. அந்தக் கண்ணு இன்னும் ரொம்ப வருஷம் எங்க எழுத்தைப் பார்க்கணும். தம்பி இப்பதான் கட்டுரை எழுத ஆரம்பிச்சிருக்கான், அவனுக்கும் நீங்க வேணும்.

பிறந்தநாள் வாழ்த்துகள், தாத்தா. நாங்க எல்லாரும் உங்களை அவ்வளவு நேசிக்கிறோம்.

நான் பேசி முடிச்சுட்டேன். இந்தாங்க தாள். சிவப்புப் பேனாவும் கொண்டுவந்திருக்கேன்.