காலைச் சோதனைக்குப் பிறகு குடும்பத்தாரிடம் மருத்துவர் சொன்னது

உட்காருங்கள் அம்மா. தம்பி, நீங்களும் உட்காருங்கள். எதிலும் கையெழுத்து வாங்க நான் வரவில்லை. காலையில் செய்த சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல செய்தி இல்லை.

அண்ணனுக்கு இது கோமாதானே, உங்கள் தெருவில் ஒருவர் இருபது நாள் கோமாவில் கிடந்து எழுந்து வந்தாரே என்று நேற்றுக் கேட்டீர்கள். அவர் எழுந்தது உண்மையாக இருக்கும். கோமாவில் கண் திறக்காது, கூப்பிட்டால் பதில் வராது. ஆனாலும் மூளைக்கு உயிர் உண்டு. சிலர் மீள்வார்கள். சிலர் கண்ணை மட்டும் திறப்பார்கள். தூங்கி விழிப்பார்கள், தானாக மூச்சு விடுவார்கள், ஆனால் எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்ததற்கான அடையாளமே இருக்காது. அப்படியே ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. அதுவும் சாவு இல்லை.

இவருடைய நிலை இந்த இரண்டும் இல்லை என்றே காலைச் சோதனை காட்டுகிறது. ரத்த அழுத்தம் ஏறி, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. வீக்கம் மூளைத்தண்டை நசுக்கிவிட்டது. மூச்சு, இருமல், கண் சிமிட்டல் எல்லாம் அந்தத் தண்டின் வேலை. மயக்க மருந்தை நிறுத்தி, அது உடம்பை விட்டுப் போன பிறகே பார்த்தோம். கண்ணில் விளக்கடித்தோம், பாவை சுருங்கவில்லை. விழியைப் பஞ்சால் தொட்டோம், இமைக்கவில்லை. காதில் குளிர்ந்த நீர் விட்டோம், விழி அசையவில்லை. தொண்டைக்குழாய் வழியே சளி உறிஞ்சியபோது இருமவில்லை. கடைசியாக, ஆக்ஸிஜன் கொடுத்தபடியே வென்டிலேட்டரைக் கழற்றினோம். ரத்தத்தில் கரியமில வாயு 60க்கு மேல் ஏறியது. அந்த அளவுக்கு ஏறினால், மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் நெஞ்சு எழும்பும். எழும்பவில்லை.

உடம்பு சூடாகத்தானே இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறதே என்கிறீர்கள் அம்மா. நெஞ்சை அசைப்பது வென்டிலேட்டர். இதயத்துக்குத் துடிப்பைத் தானே உண்டாக்கும் தன்மை உண்டு. ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை மூளை இல்லாமலும் துடிக்கும். நேற்று விரல் அசைந்ததை நீங்கள் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். அது முதுகுத்தண்டிலிருந்து வருவது. நீங்கள் கூப்பிட்டதற்கான பதில் இல்லை. இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

ஒரே சோதனையை வைத்து முடிவு சொல்ல மாட்டோம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்கிறவர்கள் அதில் இருக்கவே கூடாது. இன்று மாலை நான்கு மணிக்கும் இதே முடிவு வந்தால், அது மூளைச்சாவு. மூளைச்சாவு என்றால் இறப்புதான். ஆபத்தான நிலை என்றோ, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றோ மழுப்பி உங்களைக் காத்திருக்க வைக்க மாட்டேன்.

தம்பி, விருப்பம் இருந்தால் அந்தச் சோதனையின்போது என் பக்கத்தில் நின்று பாருங்கள். கட்டாயம் இல்லை. மகள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றீர்களே, இப்போதே புறப்படச் சொல்லுங்கள். அவர் வந்ததும் எந்த நேரமானாலும் உள்ளே விடும்படி செவிலியரிடம் சொல்லிவிட்டேன்.